வளைகுடாவிலிருந்து திரும்பிய ஏசி, சில்லர் டெக்னீஷியன் ஊரில் வேலை தேட ரெஸ்யூமே போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 9 வருடம் சவூதியில் தம்மாம் பக்கம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். இப்போது சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு அலுவலகக் கட்டிடத்தில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். டெக்னீஷியன் எடுக்கும்போது ஹெச்.ஆர். வடிகட்டி அனுப்பும் ரெஸ்யூமேக்கள் என் மேஜைக்குத்தான் வரும். ஊருக்குத் திரும்பி வரும் நம்ம ஆட்கள் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஏசி, சில்லர் வேலையை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

போகும்போது ஏஜெண்ட் ஆபீஸில் அடித்துக் கொடுத்த பயோடேட்டா இருக்கிறது. அதிலேயே கடைசி கம்பெனியை மட்டும் சேர்த்துக் கொடுத்தால் போதாதா?

போதாது. அந்தத் தாள் வேறு ஒருவருக்காகத் தயாரானது. ஏஜெண்டுக்கு வேண்டியது விசாவில் இருக்கும் தொழிலுக்கு ஆள் பொருந்துகிறானா, பாஸ்போர்ட் எத்தனை வருடம் செல்லும், மெடிக்கலில் தேறுவானா என்பதுதான். அதனால்தான் அதில் முதல் பாதிப் பக்கம் பாஸ்போர்ட் நம்பர், எடுத்த இடம், முடியும் தேதி, மதம், உயரம், எடை, அப்பா பெயர் என்று போய்க்கொண்டே இருக்கும். வேலையைப் பற்றி இரண்டு வரி கூட இருக்காது.

இங்கே படிப்பவருக்கு அதெல்லாம் தேவையில்லை. பாஸ்போர்ட் நம்பரைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், நாலு ஜாப் சைட்டில் ஏற்றி, பத்து கன்சல்டன்சிக்கு அனுப்பும் தாளில் அது எதற்கு? மதம், உயரம், எடையும் போகட்டும்.

இங்கே உங்கள் தாளைக் கையில் எடுப்பவர் மனதில் மூன்று சந்தேகம் ஓடும். இவன் அங்கே உண்மையில் என்ன வேலை பார்த்தான்? அங்கே வாங்கிய சம்பளத்தையே இங்கேயும் கேட்பானா? ஆறு மாதத்தில் புது விசா வந்ததும் ஓடிவிடுவானா? உங்கள் ரெஸ்யூமேயில் உள்ள ஒவ்வொரு வரியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாத வரி இருந்தால் அடித்துவிடலாம். கீழே நான் சொல்லப்போவது எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

11 வருடத்தில் 4 கம்பெனி மாறியிருக்கிறேன். ஆனால் பார்த்தது ஒரே மாதிரி ஏசி வேலைதான். ஒவ்வொன்றுக்கும் அதையே திரும்ப எழுதணுமா?

இதற்கு ஒரு ஆளையே உதாரணமாகச் சொல்கிறேன். ராமநாதபுரம் பக்கத்து அண்ணன் ஒருவர், ஐ.டி.ஐ.யில் குளிர்பதன மெக்கானிக் டிரேடு முடித்தவர், 2013-ல் போய் 2024-ல் ஃபைனல் எக்ஸிட்டில் வந்தார். என்னிடம் காட்டிய ரெஸ்யூமே 4 பக்கம். நாலு கம்பெனிக்குக் கீழேயும் ஒரே எட்டு வரிகள், ஒரு எழுத்து மாறாமல். ‘எல்லா வகை ஏசி பராமரிப்புக்கும் பொறுப்பு’, ‘மேலதிகாரி சொல்லும் வேலைகளைச் செய்தல்’ என்கிற ரகம். படிக்கிறவர் முதல் கம்பெனியைப் படித்துவிட்டு மற்றதைத் தாண்டிவிடுவார்.

உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். முதல் இரண்டு வருடம் கடைகளிலும் வீடுகளிலும் விண்டோ, ஸ்ப்ளிட் ஏசி. அடுத்த எட்டு மாதம் ஒரு ஷட்டவுன் வேலை. அப்புறம் 5 வருடம் ஜுபைலில் ஒரு அலுவலகக் கட்டிடத்தில் சில்லர். கடைசி மூன்று சொச்சம் வருடமும் அதே கட்டிடம்தான், கான்ட்ராக்ட் மட்டும் வேறு கம்பெனிக்குப் போனதால் இவருக்குத் தனாசுல் கொடுத்து ஸ்பான்சர் மாற்றியிருக்கிறார்கள். இடம், மிஷின், மேலே இருந்த இன்ஜினியர் எல்லாம் பழசுதான், சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர்தான் புதுசு. ஆனால் ரெஸ்யூமேயில் பார்த்தால் அடிக்கடி கம்பெனி தாவுகிற ஆள் மாதிரித் தெரிந்தது! அங்கே கான்ட்ராக்ட் கைமாறும், ஆள் அதே இடத்தில் நிற்பான் என்பது இங்கே இருக்கும் ஹெச்.ஆருக்குத் தெரியாது.

அதனால் சைட்டைத் தலைப்பாக்கினோம். கட்டிடம், ஊர், 2016 முதல் 2024 வரை, அதற்குக் கீழே ‘ஒரே சைட், பராமரிப்பு ஒப்பந்தம் 2021-ல் கைமாறியது’ என்று ஒரு வரி, பிறகு இரண்டு கம்பெனி பெயரும் தேதியும். எட்டு வருடம் ஒரே இடத்தில் இருந்தவர் என்பது இப்போது பார்த்ததும் தெரிகிறது. முதல் இரண்டு வேலைக்கும் தலா ஒரு வரி போதும் என்று சுருக்கினோம்.

அடுத்து, என்ன வேலை என்பதை எண்ணிக்கையோடு எழுதச் சொன்னேன். எத்தனை சில்லர், எத்தனை டன், என்ன கேஸ், கீழே எத்தனை பேர்? யோசிக்காமலே மளமளவென்று சொன்னார். இத்தனை வருடமாக அவர் தலைக்குள்ளேயே இருந்த விஷயம், தாளில் மட்டும் இல்லை. கடைசியில் வந்த வரிகள் இவை:

```
2 air-cooled screw chillers, 180 TR each, R-134a
12 AHU, 160 FCU - monthly PPM
Night shift in-charge, 3 technicians
```

இந்த மூன்று வரி வந்துவிட்டால் ‘எல்லா வகை பராமரிப்பும்’ என்கிற வரி தானாக உதிர்ந்துவிடும். நாலு பக்கம் இரண்டு பக்கமானது.

சில்லர் அனுபவம் என்று எழுதியும் கூப்பிட மாட்டேன் என்கிறார்கள். என்ன குறை?

ஏர் கூல்டா, வாட்டர் கூல்டா என்று எழுதினீர்களா? எங்கள் ஆட்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. வளைகுடாவில் தண்ணீர் அருமை என்பதால் நடுத்தரக் கட்டிடங்களில் ஏர் கூல்டு சில்லர்தான் அதிகம் பார்த்திருப்போம். மணலும் தூசியும் கண்டென்சர் காயிலில் அடைத்து ஹை பிரஷரில் ட்ரிப் ஆகும், காயிலைக் கழுவிக் கழுவியே கோடைக்காலம் போய்விடும். சென்னையில் பெரிய ஐ.டி. கட்டிடங்கள், மால், மருத்துவமனை என்று போனால் நிறைய இடத்தில் வாட்டர் கூல்டு சில்லரும் மொட்டை மாடியில் கூலிங் டவரும் இருக்கும். இங்கே தலைவலி உப்புத் தண்ணீர். கண்டென்சர் டியூபில் படிவு ஏறும், டீஸ்கேலிங் பண்ண வேண்டும், டவர் தண்ணீருக்கு மருந்து போடுவதைக் கவனிக்க வேண்டும்.

அதனால் நான் முதலில் தேடுவது அந்த ஒரு வார்த்தையைத்தான். வாட்டர் கூல்டு பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே வர வேண்டும். பார்த்ததில்லை என்றால் பொய் எழுத வேண்டாம், ஏர் கூல்டு என்றே போடுங்கள். இன்டர்வியூவில் ‘கண்டென்சர் அப்ரோச் ஏறிக்கொண்டே போனால் என்ன பார்ப்பாய்?’ என்று ஒரு கேள்வி போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏர் கூல்டில் நல்ல கை இருக்கிறவருக்கு வாட்டர் கூல்டு பழக ஒரு சீசன் போதும், அது எங்களுக்கும் தெரியும்.

இக்காமாவில் ‘ஆமில்’ என்று இருக்கிறது. நான் பார்த்ததோ டெக்னீஷியன் வேலை. எதைப் போடுவது?

பார்த்த வேலையைப் போடுங்கள். இக்காமாவில் உள்ள தொழில் என்பது கம்பெனிக்கு எந்த விசா கிடைத்தது என்பதைக் காட்டும், அவ்வளவுதான். கூலியாள் விசாவில் போய் பானல் போர்டு கட்டினவர்களும், ஹவுஸ் டிரைவர் விசாவில் போய் கடையில் நின்றவர்களும் எத்தனையோ பேர்.

சிக்கல் சரிபார்ப்பில்தான் வரும். ரெஸ்யூமேயில் டெக்னீஷியன், கையில் உள்ள ஒரே ஆவணத்தில் ஆமில் என்றால் ஹெச்.ஆர். முழிப்பார். அதனால் வேலைப் பெயரைக் காட்டும் வேறு இரண்டு தாள்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஐ.டி. கார்டு, சைட் கேட் பாஸ், சம்பளச் சீட்டு, டிரெய்னிங் சர்டிபிகேட், உங்கள் பெயரும் வேலையும் போட்ட ஷிப்ட் ரோஸ்டர், இப்படி எதுவும் உதவும். ரெஸ்யூமேயில் இக்காமா பற்றிய பேச்சே வேண்டாம். கேட்டால் வாயால் சொல்லுங்கள், ஒளிக்க ஒன்றுமில்லை.

சப் கான்ட்ராக்ட் கம்பெனியில் இருந்தேன், ஆனால் நின்றது அராம்கோ சைட்டில். அராம்கோ என்று போட்டால் மதிப்பு இருக்குமே?

மதிப்பு இருக்கும், மாட்டிக்கொள்ளவும் வழி இருக்கும். வேலை கொடுத்தவர் என்ற இடத்தில் உங்களுக்குச் சம்பளம் போட்ட கம்பெனியின் பெயர்தான் வர வேண்டும். அடுத்த வரியில் ‘கிளையன்ட்: அராம்கோ’ என்று தாராளமாகப் போடுங்கள், அது உண்மை. பெரிய சைட்டில் நின்றவனுக்கு ஒர்க் பர்மிட், லாக் அவுட் டேக் அவுட், டூல்பாக்ஸ் மீட்டிங் எல்லாம் பழகியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், அதை ஒரு வரியில் எழுதினால் இன்னும் நல்லது. பர்மிட் வாங்கும் பொறுப்பு உங்களிடம் இருந்திருந்தால் அதைத் தனி வரியாகவே போடலாம். இங்கே பல கட்டிடங்களில் பர்மிட் முறையை இப்போதுதான் கறாராக்குகிறார்கள், பழகின ஆள் கிடைத்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கொடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

எனக்கும் இதுதான் நடந்தது. நான் கடைசியாக இருந்த கம்பெனி, டிக்கெட் கையில் வந்த பிறகும் ‘நாளைக்கு, நாளைக்கு’ என்றே இழுத்து விமானம் ஏற்றிவிட்டது. வந்த பிறகு மெயில் போட்டுப் பார்த்தேன், பதில் இல்லை. அங்கே எனக்கு மேலே இருந்த கேரளாக்கார இன்ஜினியர்தான் தன் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்தார். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, என்ன வேலை, அவருடைய பதவி, போன் நம்பர் எல்லாம் போட்டு. அதை வைத்துத்தான் இங்கே சேர்ந்தேன்.

இன்னும் அங்கேயே இருக்கிறவர்கள் கவனியுங்கள். சவூதி தொழிலாளர் சட்டம் 64-வது பிரிவின்படி, வேலை முடியும்போது தொழிலாளி கேட்டால் சேவைச் சான்றிதழை இலவசமாகத் தர வேண்டியது முதலாளியின் கடமை. சேர்ந்த தேதி, முடிந்த தேதி, தொழில், கடைசிச் சம்பளம் அதில் இருக்க வேண்டும். எக்ஸிட் அடிப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கிவா தளத்தில் உள்ள உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் இறக்கி உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வம்பு. அந்தத் தளத்துக்குள் நுழையும் ஓ.டி.பி. சவூதி சிம்முக்குத்தான் வரும், சிம் போய்விட்டால் கதவு மூடியது மாதிரி.

ஏற்கனவே வந்துவிட்டவர்களுக்கு: சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மெண்ட், பழைய பாஸ்போர்ட்டில் உள்ள விசா, எக்ஸிட் முத்திரைகள், இக்காமா நகல், மேலதிகாரி கடிதம் எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி வைத்திருங்கள். ரெஸ்யூமேயோடு சேர்த்து அனுப்பக் கூடாது. ‘ஆவணங்கள் கேட்டால் தரப்படும்’ என்று கடைசியில் ஒரு வரி போதும். சான்றிதழ் அரபியில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று சேர்த்து வைக்க வேண்டும், இங்கே யாரும் அரபி படிக்கப்போவதில்லை.

தயவுசெய்து டி.டி.பி. கடையில் லெட்டர்ஹெட் அடித்து சர்டிபிகேட் தயாரிக்காதீர்கள். முத்திரையில் எழுத்துப்பிழையோடு வந்த ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பிக்கு வேலை நன்றாகத் தெரியும், இருந்தும் எடுக்க முடியவில்லை.

ஊருக்கு வந்து 8 மாதம் ஆகிவிட்டது. வீடு கட்டினேன், தங்கை கல்யாணம் முடித்தேன். இடைவெளி என்று கேட்பார்களே?

கேட்பார்கள். ‘2024 மே முதல் இந்தியாவில், குடும்பக் காரணம், இப்போது உடனே சேரத் தயார்’ என்று அனுபவப் பகுதியின் மேலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். தேதியில் மாதத்தை மறைத்து வருடம் மட்டும் எழுதுவது பழைய தந்திரம். எழுதுகிறவருக்குத்தான் அது புத்திசாலித்தனமாகத் தெரியும், பார்க்கிறவருக்குச் சந்தேகம்தான் வரும்.

அந்த எட்டு மாதத்தில் நாலு வீட்டுக்கு ஸ்ப்ளிட் ஏசி மாட்டிக் கொடுத்திருந்தால், கேஸ் ஏற்றியிருந்தால், அதையும் எழுதுங்கள். கை விட்டுப்போகவில்லை என்பதற்கு அது சாட்சி.

சம்பளத்தை ரெஸ்யூமேயில் போடணுமா? அங்கே வாங்கியதை ரூபாயில் மாற்றி எழுதலாமா?

ரெஸ்யூமேயில் போட வேண்டாம். ரியாலை ரூபாயால் பெருக்கி எழுதவே வேண்டாம், நீங்களே உங்கள் கதவைச் சாத்திக்கொள்வதாகிவிடும். அதைப் பார்த்ததும் ‘நம்மால் கட்டுப்படியாகாது’ என்று அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் குறைந்த சம்பளத்துக்கு வரத் தயார் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் ஜாப் சைட்டில் தற்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு என்று கட்டம் இருக்கும், காலியாக விட முடியாது. எதிர்பார்ப்பில் இங்கே உள்ள நிலவரத்தைப் போடுங்கள். ஒரே வேலைக்கான ஐந்தாறு விளம்பரத்தைப் பார்த்தால் நிலவரம் பிடிபடும். போனில் கேட்டால், ‘அங்கே ரியால் இவ்வளவு, ரூமும் சாப்பாடும் கம்பெனி. இங்கே உள்ள ஸ்கேலுக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறேன், மாதம் கையில் இவ்வளவு வேண்டும்’ என்று சொல்லுங்கள்.

‘கையில்’ என்ற வார்த்தை முக்கியம். இங்கே எல்லாம் சி.டி.சி. கணக்கு, அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, வளைகுடாப் பழக்கத்தில் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். மாதம் 30,000 சி.டி.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. கம்பெனி கட்டும் 12 சதவீத பி.எஃப். 1,800 ரூபாயும் அந்த 30,000-க்குள்தான் இருக்கும். உங்கள் பங்கு 1,800 தனியாகப் பிடிப்பார்கள். ஆக 26,400. கிராச்சுட்டி, இன்சூரன்ஸையும் சி.டி.சி.க்குள் நுழைத்திருந்தால் இன்னும் இறங்கும். அங்கே பேசினது 2,800 ரியால் என்றால் 2,800 வந்தது, ஓவர்டைம் தனி. அந்த நினைப்பில் இங்கே 30,000-க்குத் தலையாட்டிவிட்டு முதல் மாதச் சம்பளத்தில் முகம் சுருங்குவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

நௌக்ரியில் எந்தப் பெயரில் தேடுவது? ‘ஏசி மெக்கானிக்’ என்று போட்டால் சர்வீஸ் சென்டர் வேலைதான் வருகிறது.

வரத்தான் செய்யும். இங்கே ‘ஏசி மெக்கானிக்’ என்றால் பைக்கில் வீடு வீடாகப் போகும் ஆள் என்று அர்த்தம். கட்டிடப் பராமரிப்பில் ‘ஹெச்.வி.ஏ.சி. டெக்னீஷியன்’, ‘சில்லர் ஆபரேட்டர்’, ‘பி.எம்.எஸ். ஆபரேட்டர்’ என்று தேடுங்கள். ‘எம்.எஸ்.டி.’ என்று விளம்பரம் வந்தால் தாண்டிப் போகாதீர்கள், மல்டி ஸ்கில்டு டெக்னீஷியன் என்பதன் சுருக்கம் அது. ஏசியோடு கொஞ்சம் எலக்ட்ரிக்கல், பிளம்பிங் தெரிந்தவரை எடுப்பார்கள். சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. அங்கே ஏசி ஒரு நிமிடம் நிற்கக் கூடாது என்பதால் ஷிப்டுக்கு ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கும்.

ஜாப் சைட்டில் தலைப்பு வரி கேட்கும் இடத்தில் இப்படி அடியுங்கள்:

```
HVAC Technician | Chiller, AHU, FCU | 11 yrs (Saudi) | Chennai | Immediate
```

ஊர்ப் பெயரும், உடனே சேருவேன் என்பதும் அதில் இருப்பது காரணமாகத்தான். இருப்பிடம் இன்னும் ஜுபைல் என்றே கிடந்தால் சென்னை என்று வடிகட்டித் தேடும் ஹெச்.ஆர். கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள்.

இன்னொன்று, போன் நம்பர். +966 நம்பரோடு வரும் ரெஸ்யூமேக்கு யாரும் ஐ.எஸ்.டி. கால் போட மாட்டார்கள். இந்திய நம்பர் ஒன்றைப் போடுங்கள், வாட்ஸ்அப்பும் அதிலேயே இருக்கட்டும். பழைய தாளில் சவூதி நம்பரும் மச்சான் நம்பரும் இருந்ததால் இரண்டு மாதம் ஒரு கால் கூட வரவில்லை என்று புலம்பியவர் உண்டு. ஃபைல் பெயர் `New CV final 2.pdf` என்று இல்லாமல் உங்கள் பெயரும் தொழிலும் தெரிகிற மாதிரி இருக்கட்டும்.

அங்கே வாங்கின சர்டிபிகேட்கள் இங்கே செல்லுமா? எல்லாவற்றையும் பட்டியல் போடலாமா?

ஹெச்2எஸ், கன்ஃபைண்டு ஸ்பேஸ், உயரத்தில் வேலை, தீயணைப்பு என்று பதினைந்து இருக்கும். முக்கியமான நாலைந்தை வருடத்தோடு போடுங்கள். காலாவதி ஆனவை என்றால் வருடத்தைப் பார்த்து அவர்களே புரிந்துகொள்வார்கள், உயிரோடு இருப்பது மாதிரி எழுதாதீர்கள். ஏசி கட்டிட வேலைக்கு ஹெச்2எஸ் எதற்கு என்றும் யோசியுங்கள். அது எண்ணெய் வயல் சமாச்சாரம்.

எலக்ட்ரிக்கல் பக்கம் போக நினைத்தால், அங்கே எத்தனை வருடம் பானல் வேலை பார்த்திருந்தாலும் தமிழ்நாட்டில் வயர்மேனுக்கு ‘பி’ சான்றிதழ், சூப்பர்வைசருக்கு ‘சி’ சான்றிதழ் என்று மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று கேட்பார்கள். அதற்கு வெளிநாட்டு அனுபவக் கடிதம் ஈடாகாது. ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்கிறவர்கள் அதை ரெஸ்யூமேயில் கடைசிப் பக்கத்தில் புதைக்காமல், தேறிய வருடத்தோடு மேலே கொண்டுவாருங்கள். வளைகுடா ரெஸ்யூமேயில் யாரும் கவனிக்காத அந்தத் தாளைத்தான் இங்கே முதலில் கேட்பார்கள். ஐ.டி.ஐ. இல்லாமல் கையால் கற்றவர்கள் ‘ஆர்.பி.எல்.’ என்கிற முன்கற்றல் அங்கீகாரத் தேர்வு எழுதிச் சான்று வாங்கலாம், மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் நடப்பது.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தமிழிலேயே ரெஸ்யூமே கொடுக்கலாமா?

தெருமுனைக் கடை வேலைக்குச் சரி. கம்பெனிக்கு ஆங்கிலம்தான். ஆனால் பெரிய ஆங்கிலம் வேண்டாம், மேலே காட்டியது போல மிஷின் பெயரும் எண்ணிக்கையும் போதும். கடைக்காரர் இன்டர்நெட்டிலிருந்து எடுத்து ஒட்டும் ‘குறிக்கோள்’ பத்தியை வெட்டிவிடுங்கள், அதை நீங்களே படித்துக் காட்டச் சொன்னால் முழிக்க வேண்டியிருக்கும். மொழிகள் என்ற இடத்தில் ஹிந்தி பேசுவேன் என்று கட்டாயம் எழுதுங்கள். அங்கே கேம்ப்பில் கற்ற ஹிந்திக்கு இங்கே இப்போது கிராக்கி, ஹவுஸ்கீப்பிங்கிலும் உதவியாளர்களிலும் வடமாநிலத் தம்பிகள்தான் நிறைய.

‘மறுபடியும் ஃபாரின் போயிடுவீங்கதானே?’ என்று எல்லா இன்டர்வியூவிலும் கேட்கிறார்கள். ரெஸ்யூமேயிலேயே இதற்குப் பதில் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ‘ஃபைனல் எக்ஸிட்டில் திரும்பினேன்’ என்று எழுதுங்கள், லீவில் வந்தவன் இல்லை என்பது அதில் தெரிந்துவிடும். தற்போதைய முகவரியாகச் சென்னையில் தங்கியிருக்கும் இடத்தைப் போடுங்கள். குடும்பமும் கூட இருந்தால், அல்லது பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்திருந்தால், அதை இன்டர்வியூவில் சொல்லுங்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்பதால் சொல்கிறேன், ‘இனிமேல் போகவே மாட்டேன் சார்’ என்று சத்தியம் செய்கிறவரை விட ‘பொண்ணு எட்டாவது படிக்குது, பத்தாவது முடியற வரைக்கும் நகர முடியாது’ என்கிறவர் மேல்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. இரண்டு வருடம் உறுதியாக இருக்கும் டெக்னீஷியன் கிடைத்தால் எங்களுக்கு அதுவே பெரிசு.

உண்மையிலேயே இன்னொரு விசாவுக்குக் கொடுத்து வைத்திருந்தால்? அந்த இடைவெளிக்கு ஏசி சர்வீஸ் வேலை, தினக்கூலி வேலை பாருங்கள். நிரந்தர வேலைக்கு வந்து மூன்றாம் மாதம் சொல்லாமல் காணாமல் போனால், உங்களுக்கு அடுத்து சவூதியிலிருந்து வரும் பத்துப் பேரின் தாளை அந்த ஹெச்.ஆர். பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். எங்கள் கட்டிடத்தில் ஒருமுறை நடந்தது, அந்தக் கோபம் அடங்க ஒரு வருடம் ஆனது.

வயது 44. பிறந்த தேதியை விட்டுவிடலாமா?

விட்டுவிடலாம், தப்பில்லை. ஆனால் ஐ.டி.ஐ. முடித்த வருடத்தை வைத்தே கணக்குப் போட்டுவிடுவார்கள். 44 வயதில் ஹெல்ப்பர் வேலைக்கு விண்ணப்பித்தால்தான் வயது இடிக்கும். ஷிப்ட் இன்சார்ஜ், சீனியர் டெக்னீஷியன் என்று கேளுங்கள், கீழே எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினீர்கள் என்பதை எழுதியிருந்தால் கேட்பதற்கு உரிமையும் இருக்கும்.

வெளிநாடு போவதற்கு முன் ஓசூரில் 3 வருடம் ஒரு கம்பெனியில் இருந்தேன். அது பழைய கதை, எழுதணுமா?

ஒரு வரி எழுதுங்கள், தேதி மட்டும் சரியாக இருக்கட்டும். அங்கே பி.எஃப். பிடித்திருந்தால் சேரும்போது படிவம் 11-இல் பழைய கணக்கைச் சொல்ல வேண்டும். யு.ஏ.என். என்கிற பி.எஃப். நம்பர் இருந்தால் அதில் நீங்கள் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் பதிவாகி இருக்கும், ரெஸ்யூமேயில் நினைவிலிருந்து ஒரு தேதி அடித்துவிட்டு அங்கே வேறு தேதி வந்தால் தேவையில்லாத விசாரணை. நம்பர் மறந்துபோச்சு என்றால் ஆதாரை வைத்து யு.ஏ.என். தளத்திலேயே கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்கான ஓ.டி.பி. ஆதாரோடு இணைத்த இந்திய நம்பருக்கு வரும், நீங்கள் அங்கே இருந்த காலத்தில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு அந்த நம்பர் இந்நேரம் வேறு யார் கையிலாவது இருக்கலாம். ஆகவே ரெஸ்யூமே அடிக்க உட்காரும் முன் ஒருநாள் ஆதார் மையத்துக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டு வந்துவிடுங்கள்.